தவறான கணக்குக்குச் சென்ற பணம்: வங்கிக்கு எழுதும் கடிதத்தில் இடம்பெற வேண்டியவை

ஹைதராபாதில் சிறு அச்சகம் நடத்தும் ஒருவர், விஜயவாடாவில் உள்ள காகித வியாபாரிக்கு 86,400 ரூபாய் தரவேண்டியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். வியாபாரி அண்மையில் வேறொரு வங்கியில் கணக்குத் தொடங்கி, அதன் எண்ணைத் தொலைபேசியில் சொல்லியிருந்தார். சனிக்கிழமை இரவு 9.40 மணிக்கு அச்சக உரிமையாளர் கைப்பேசிச் செயலி வழியாக நெஃப்ட் முறையில் பணத்தை அனுப்புகிறார். 6374 என்று முடியவேண்டிய கணக்கு எண்ணை 6347 என்று பதிவு செய்துவிட்டார். திரையில் தெரிந்த பெயர் வியாபாரியின் பெயராக இல்லை. அவருடைய மகன் பெயராக இருக்கும் என்று எண்ணி மேலே சென்றுவிட்டார். திங்கள்கிழமை காலை வியாபாரி தொலைபேசியில் அழைத்து, பணம் வந்து சேரவில்லை என்கிறார்.

எடுத்துக்காட்டாகச் சொல்லப்பட்டதுதான் என்றாலும், நாட்டின் எந்த வங்கிக் கிளையிலும் மேலாளர்கள் வழக்கமாகக் கேட்கும் கதை இது. பெயரும் எண்ணும் பொருந்தாதபோது வங்கி பணத்தை எப்படி வரவு வைத்தது என்பதே பணத்தை இழந்தவர் முதலில் கேட்கும் கேள்வி. அதற்கான விடை 2010 அக்டோபர் 14 அன்று ரிசர்வ் வங்கி வெளியிட்ட சுற்றறிக்கையில் இருக்கிறது. மின்னணுப் பரிமாற்றங்களில் கணக்கு எண்ணை மட்டுமே அடிப்படையாகக் கொண்டு பணத்தை வரவு வைக்கலாம் என்று அது வங்கிகளுக்கு அனுமதி அளித்தது. சரியான எண்ணைத் தரும் பொறுப்பு, குறிப்பாகப் பெறுபவரின் கணக்கு எண்ணைச் சரியாகத் தரும் பொறுப்பு, பணம் அனுப்புபவரையே சார்ந்தது என்றும் அந்தச் சுற்றறிக்கை தெளிவுபடுத்தியது. ஆகவே, 'பெயரைப் பார்க்காமல் வரவு வைத்தது வங்கியின் குற்றம்' என்ற வாதம் பெரும்பாலும் எடுபடுவதில்லை. கோரிக்கைக் கடிதத்தை இந்த வாதத்துடன் தொடங்குபவர்கள் காலத்தைத்தான் வீணாக்குகிறார்கள்.

நெஃப்ட், ஆர்டிஜிஎஸ் முறைகளில் பணம் அனுப்பும் முன்பு, பெறுபவரின் பெயரை வங்கிப் பதிவேட்டிலிருந்தே எடுத்துக் காட்டும் வசதியை 2025 ஏப்ரல் 1-ஆம் தேதிக்குள் ஏற்படுத்துமாறு ரிசர்வ் வங்கி 2024 டிசம்பர் 30 அன்று வங்கிகளுக்கு உத்தரவிட்டது. யுபிஐ, ஐஎம்பிஎஸ் முறைகளில் இத்தகைய வசதி முன்பே இருந்தது. ஆனால் இந்த வசதி பெயரைக் காட்டுமே தவிர, பரிமாற்றத்தைத் தடுக்காது. காட்டிய பெயரை ஏற்பதா மறுப்பதா என்பது அனுப்புபவரின் முடிவு. அச்சக உரிமையாளருக்கு நேர்ந்ததும் அதுவே.

பணம் உண்மையில் எங்கே இருக்கிறது என்பதை அடுத்து அறியவேண்டும். பதிவு செய்யப்பட்ட எண்ணில் கணக்கே இல்லையென்றால் பெரிய கவலையில்லை. நெஃப்ட் முறையில் பரிமாற்றங்கள் அரை மணி நேரத்துக்கு ஒரு தொகுப்பாக நாள் முழுவதும் தீர்வு செய்யப்படுகின்றன. 2019 டிசம்பர் 16 முதல் இரவிலும் விடுமுறை நாள்களிலும் இது நடக்கிறது. வரவு வைக்க முடியாத தொகையை, அந்தத் தொகுப்பு தீர்வான இரண்டு மணி நேரத்துக்குள் பெறும் வங்கி திருப்பி அனுப்பவேண்டும். எனவே, சனிக்கிழமை இரவு அனுப்பிய பணம் ஞாயிற்றுக்கிழமை காலையிலும் திரும்பவில்லை, செயலியும் பரிமாற்றம் வெற்றி என்று காட்டுகிறது என்றால், அந்த எண்ணில் யாரோ ஒருவரின் கணக்கு நடப்பில் இருக்கிறது, பணம் அதில் சேர்ந்துவிட்டது என்று முடிவு செய்யலாம்.

ஐஎஃப்எஸ்சி குறியீட்டில் நேரும் பிழையைப் பற்றியும் இங்கே ஒரு குறிப்பு தேவைப்படுகிறது. பதினொரு எழுத்து-எண்கள் கொண்ட அந்தக் குறியீட்டில் முதல் நான்கு எழுத்துகள் வங்கியைக் குறிக்கும். ஐந்தாவது இடத்தில் பூஜ்யம் இருக்கும். இறுதி ஆறும் கிளையைக் குறிக்கும். வங்கிகள் மையக் கணினி முறைக்கு மாறிவிட்டதால், வங்கி சரியாக இருந்து கிளை மட்டும் மாறியிருந்தால் கணக்கு எண்ணைக் கொண்டு பணம் பொதுவாக உரிய கணக்கிலேயே சேர்ந்துவிடும். அந்தப் பிழையைக் கண்டு பதறி, சரியாகச் சென்ற பணத்தைத் திரும்பக் கேட்டுக் கடிதம் எழுதியவர்களும் உண்டு. பெறவேண்டியவரிடம் ஒருமுறை கேட்டுவிட்டு எழுதுவதே நல்லது.

பணம் வேறொருவர் கணக்கில்தான் இருக்கிறது என்று உறுதியானபின் செல்லவேண்டிய இடம், பணம் அனுப்பியவரின் சொந்த வங்கி. பணம் சென்று சேர்ந்த வங்கியின் கிளைக்கு நேரில் சென்று முறையிடுவதால் பெரிய பயன் இல்லை. அந்த வங்கிக்கு இவர் வாடிக்கையாளர் அல்லர்; தனது வாடிக்கையாளரின் பெயர், முகவரி, இருப்பு ஆகியவற்றை வெளியாரிடம் சொல்லக்கூடாது என்ற ரகசியக் கடமையும் அதற்கு உண்டு. கோரிக்கை ஒரு வங்கியிடமிருந்து மற்றொரு வங்கிக்குச் சென்றால்தான் அங்கே பதிவாகும். வங்கி அட்டையின் பின்புறமோ கணக்குப் புத்தகத்திலோ அச்சிடப்பட்டுள்ள எண்ணில் உடனே அழைத்துப் புகார் எண் பெறுவதும், அடுத்த வேலை நாளில் கிளையில் எழுத்துமூலம் கோரிக்கை தருவதும் சரியான வரிசை. இணையத்தில் தேடிக் கிடைக்கும் 'வாடிக்கையாளர் சேவை' எண்களை அழைப்பவர்கள் மோசடிக்காரர்களிடம் சிக்கி, மீதமிருக்கும் பணத்தையும் இழக்கும் அபாயம் இருக்கிறது.

தொலைபேசிப் புகார் மட்டும் போதாதா என்று கேட்கலாம். கிளை அலுவலர் மற்ற வங்கிக்கு அனுப்பும் செய்தியில் இடம்பெற வேண்டிய ஒவ்வொரு விவரமும் இந்தக் கடிதத்திலிருந்துதான் எடுக்கப்படுகிறது. பின்னாளில் மேல்முறையீடு செய்ய நேர்ந்தால், வங்கிக்கு முதலில் எழுத்துமூலம் தெரிவித்ததற்குச் சான்றும் இதுவே. அதனால்தான் கடிதத்தின் நகலில் முத்திரையும் தேதியும் கையொப்பமும் பெற்றுக்கொள்வது, கடிதத்தைக் கொடுப்பதற்கு ஈடான முக்கியத்துவம் உடையதாகிறது.

கடிதத்தில் வேறெதை மறந்தாலும் மறக்கக்கூடாதது பரிமாற்றக் குறிப்பு எண். யுடிஆர் என்று வழங்கப்படும் இந்த எண் நெஃப்ட் முறையில் 16 எழுத்து-எண்களும், ஆர்டிஜிஎஸ் முறையில் 22 எழுத்து-எண்களும் கொண்டது. யுபிஐ, ஐஎம்பிஎஸ் பரிமாற்றங்களில் அது 12 இலக்க எண்ணாக இருக்கும். யுபிஐ செயலிகள் தாமே உருவாக்கும் நீளமான மற்றொரு எண்ணையும் சேர்த்துக் காட்டுவதால், பலர் அதை மட்டும் எழுதிக் கொடுத்துவிடுகிறார்கள். இரு வங்கிகளின் கணினிகளும் ஒரே பரிமாற்றத்தைத் தேடிக் கண்டுபிடிப்பது 12 இலக்க எண்ணைக் கொண்டுதான். எனவே இரண்டையும் எழுதுவதே பாதுகாப்பு.

சென்றிருக்கவேண்டிய கணக்கு எண்ணையும், தவறிச் சென்ற கணக்கு எண்ணையும் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதவேண்டும். இலக்கம் எங்கே இடம் மாறியது என்பது பார்த்தவுடன் புலப்படும்; கோரிக்கை உண்மையானது என்பதற்கு அதைவிட எளிய சான்று வேறில்லை. பணம் எதற்காக அனுப்பப்பட்டது என்பதைக் காட்டும் விலைப்பட்டியலையும் இணைத்தால், பணம் பெற்ற அந்நியர் 'இது எனக்கு வரவேண்டிய பணம்தான்' என்று சொல்ல இடமிருக்காது. அச்சக உரிமையாளரின் கடிதம் ஏறத்தாழ இப்படி அமையலாம்:

பெறுநர்: கிளை மேலாளர் (வங்கி, கிளையின் பெயர்)

பொருள்: தவறான கணக்குக்கு அனுப்பப்பட்ட 86,400 ரூபாயைத் திரும்பப் பெற்றுத் தரக் கோருதல்.

ஐயா,
தங்கள் கிளையில் எனது அச்சகத்தின் பெயரில் நடப்புக் கணக்கு (கணக்கு எண் முழுமையாக) உள்ளது. (தேதி) சனிக்கிழமை இரவு 9.40 மணிக்குக் கைப்பேசிச் செயலி வழியாக நெஃப்ட் முறையில் 86,400 ரூபாய் அனுப்பினேன். பரிமாற்றக் குறிப்பு எண்: (16 எழுத்து-எண்கள்).
அனுப்ப எண்ணிய கணக்கு: (பெயர், வங்கி, ஐஎஃப்எஸ்சி குறியீடு, 6374 என முடியும் எண் முழுமையாக).
தவறுதலாகச் சென்ற கணக்கு: (திரையில் தெரிந்த பெயர், வங்கி, ஐஎஃப்எஸ்சி குறியீடு, 6347 என முடியும் எண் முழுமையாக).
எண்ணைப் பதிவு செய்கையில் கடைசி இரு இலக்கங்கள் இடம் மாறிவிட்டன. இரண்டாவது கணக்குக்கு உரியவரோடு எனக்கு எந்தக் கொடுக்கல் வாங்கலும் இல்லை. பெறும் வங்கியை உடனடியாகத் தொடர்புகொண்டு, இத்தொகையைத் தடுத்து வைக்கவும், கணக்குதாரரின் ஒப்புதலைப் பெற்று எனது கணக்குக்குத் திருப்பி அனுப்பவும் நடவடிக்கை எடுக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். பெறும் வங்கிக்கு அனுப்பிய செய்தியின் தேதியையும், அவர்கள் அளிக்கும் பதிலையும் எனக்கு எழுத்துமூலம் தெரிவிக்க வேண்டுகிறேன்.
தொலைபேசிப் புகார் எண்: (எண், தேதி).
இணைப்பு: பரிமாற்ற விவரத்தின் திரைப்பதிவு, அன்றைய கணக்கு அறிக்கை, காகித வியாபாரியின் விலைப்பட்டியல், அடையாளச் சான்று.
(கையொப்பம், கைப்பேசி எண்)

பெறும் வங்கி வேறு மாநிலத்தில் இருக்கக்கூடும் என்பதால், இதே செய்தியை ஆங்கிலத்திலும் எழுதித் தருவது அலுவலருக்கு வேலையைக் குறைக்கும். கடவுச்சொல், பின் எண், ஒருமுறைக் கடவு எண் ஆகியவை எக்காரணம் கொண்டும் கடிதத்தில் இடம்பெறக்கூடாது. எந்த வங்கியும் அவற்றைக் கேட்பதில்லை.

கடிதம் கிடைத்ததும் அனுப்பிய வங்கி, பெறும் வங்கிக்குச் செய்தி அனுப்புகிறது. பெறும் வங்கி தனது வாடிக்கையாளரை அழைத்து, இந்தத் தொகை தவறுதலாக வந்ததை ஏற்கிறாரா, பற்று வைக்கச் சம்மதிக்கிறாரா என்று கேட்கிறது. அவர் சம்மதக் கடிதம் கொடுத்தால் பணம் திரும்பிவிடும். பலருக்கும் புரியாததும், பெரும்பாலான மனக்கசப்புக்குக் காரணமாவதும் இந்த ஒப்புதல்தான். வங்கி தானே தவறாக ஒரு வரவை வைத்துவிட்டால், தனது பிழையைத் தானே திருத்திக்கொள்ளலாம். ஆனால் வாடிக்கையாளர் தாமே எண்ணைப் பதிவு செய்து, தாமே அனுமதித்த பரிமாற்றத்தில் வங்கியின் பிழை எதுவும் இல்லை. அத்தகைய பணத்தை மற்றொருவர் கணக்கிலிருந்து அவர் சம்மதமின்றியோ, உரிய அதிகாரியின் உத்தரவின்றியோ எடுக்க வங்கிகள் முன்வருவதில்லை. எழுதியவரின் வாய்மொழி ஒன்றை மட்டும் நம்பி யார் கணக்கிலிருந்தும் பணத்தை எடுத்துவிடலாம் என்றால், வைப்பு வைத்த எவர் பணத்துக்கும் பாதுகாப்பு இருக்காதே.

தொகையைத் தடுத்து வைக்கும்படி கேட்பது பெறும் வங்கியைக் கட்டுப்படுத்தாது. ஆயினும் கேட்கத்தான் வேண்டும். கணக்கில் பணம் இன்னும் இருக்குமானால், விசாரணை முடியும்வரை சில வங்கிகள் அதை ஒதுக்கி வைப்பதுண்டு. பணம் எடுக்கப்பட்டுவிட்டால் அந்த வாய்ப்பும் போய்விடும். திங்கள்கிழமை கொடுத்த கடிதத்துக்கும் வியாழக்கிழமை கொடுத்த கடிதத்துக்கும் உள்ள வேறுபாடு இதுதான். தவறிச் சென்ற கணக்கு மிகைப்பற்றில் இருந்தால் சிக்கல் வேறு வகையானது. பணம் வந்து சேர்ந்த கணமே அந்தக் கணக்கின் நிலுவையில் கழிந்துவிடுகிறது. கணக்குதாரர் நல்லவராக இருந்தாலும் திருப்பித்தர அவர் கையில் பணம் இருக்காது. அப்போது தவணையாகத் தருவதாக எழுதிக் கொடுப்பவர்களும் உண்டு. அதை ஏற்பது அனுப்பியவரின் விருப்பம்.

விரைவாகப் பணம் கிடைக்கும் என்று நம்பி, இணையக் குற்றங்களுக்கான 1930 உதவி எண்ணை அழைத்து, ஏமாற்றப்பட்டதாகப் புகார் அளிக்கும் வழக்கமும் பரவி வருகிறது. அந்த எண் மோசடியால் பணம் இழந்தவர்களுக்கானது. தம் கைப்பிழையை மோசடி என்று பதிவு செய்தால், எந்தக் குற்றமும் செய்யாத ஒருவரின் கணக்கு முடக்கப்படலாம். பொய்த் தகவல் கொடுத்ததற்காகப் புகார்தாரரே பதில் சொல்லவும் நேரிடும். அதோடு, சம்மதம் தரத் தயாராக இருந்த மனிதரையும் அது எதிரியாக்கிவிடுகிறது.

அனுப்பிய வங்கி 30 நாள்களுக்குள் பதில் தராவிட்டாலோ, தந்த பதில் நிறைவளிக்காவிட்டாலோ, ரிசர்வ் வங்கியின் ஒருங்கிணைந்த குறைதீர்ப்பாளர் திட்டத்தின் கீழ் கட்டணமின்றி முறையிடலாம். cms.rbi.org.in என்ற தளத்தில் புகாரைப் பதிவு செய்யலாம். 14448 என்ற எண்ணில் விளக்கம் பெறலாம். முத்திரை பெற்ற கடித நகல் இங்கே பயன்படும். ஆனால் குறைதீர்ப்பாளர் ஆராய்வது வங்கியின் சேவைக் குறைபாட்டைத்தான். 'என் பணத்தை அந்நியரிடமிருந்து வாங்கித் தாருங்கள்' என்று எழுதினால் புகார் தள்ளுபடியாகவே வாய்ப்பு அதிகம். 'இந்தத் தேதியில் எழுத்துமூலம் கேட்டும் எனது வங்கி பெறும் வங்கிக்குச் செய்தியே அனுப்பவில்லை' என்றோ, 'பெறும் வங்கி தனது வாடிக்கையாளரைத் தொடர்புகொண்டதற்குப் பதிவு எதுவும் இல்லை' என்றோ குறிப்பிட்டு எழுதினால்தான் அவர் ஆராய்வதற்கு ஏதேனும் இருக்கும்.

கணக்குதாரர் பணம் தர மறுத்தால் சட்டம் பணம் அனுப்பியவர் பக்கமே நிற்கிறது. தவறுதலாகப் பணம் பெற்றவர் அதைத் திருப்பித் தரவேண்டும் என்று 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 72-ஆவது பிரிவு கூறுகிறது. இருவருக்கும் இடையே ஒப்பந்தம் எதுவும் இல்லாவிட்டாலும் இது பொருந்தும். உரிமையியல் வழக்குத் தொடர மூன்று ஆண்டுகள் காலவரம்பு உண்டு. எதிராளி யாரென்றே தெரியாத நிலையில், கணக்கு விவரங்களை அளிக்குமாறு வங்கிக்கு நீதிமன்றம் உத்தரவிடக் கோரலாம். தன்னுடையதல்ல என்று தெரிந்தும் பணத்தை நேர்மையற்ற நோக்கத்துடன் தனதாக்கிக்கொள்வது பாரதிய நியாய சன்ஹிதாவின் 314-ஆவது பிரிவின்கீழ் குற்றமாகும். 2024 ஜூலை 1-க்கு முன்பு இது இந்திய தண்டனைச் சட்டத்தின் 403-ஆவது பிரிவாக இருந்தது. வங்கி கேட்டும் மறுத்தார் என்பதற்கு எழுத்துமூலச் சான்று கையில் இருந்தால், காவல் நிலையத்தில் புகாரை ஏற்க வைப்பது எளிதாகும். கடிதத்தின் கடைசியில் பெறும் வங்கியின் பதிலை எழுத்தில் கேட்டது இதற்காகவே. எனினும் சில ஆயிரம் ரூபாய்க்காக வழக்குத் தொடுப்பதில் செலவு வரவை மிஞ்சிவிடும் என்பதையும் கணக்கிட்டுக்கொள்ள வேண்டும்.

பணம் பெற்றவர் தரப்பிலும் அறியவேண்டியது இருக்கிறது. பிகார் மாநிலம் ககாரியா மாவட்டத்தில் வங்கியின் பிழையால் தமது கணக்குக்கு வந்த ஐந்தரை லட்சம் ரூபாயைச் செலவழித்துவிட்டுத் திருப்பித்தர மறுத்த ஒருவர் 2021-இல் கைது செய்யப்பட்டார். கணக்கில் காரணமின்றி வந்த பணத்தைத் தொடாமல் விட்டு, தமது வங்கிக்கு எழுத்துமூலம் தெரிவிப்பதே முறை. தெரியாத ஒருவர் அழைத்து, 'தவறி அனுப்பிவிட்டேன், இந்த எண்ணுக்குத் திருப்பி அனுப்புங்கள்' என்று கேட்டால் நேரடியாக அனுப்பக்கூடாது. வந்ததாகச் சொல்லப்படும் குறுஞ்செய்தியே போலியாக இருக்கலாம். வேறொருவரிடம் மோசடியாகப் பறித்த பணமாகவும் அது இருக்கலாம். எந்த வழியில் வந்ததோ அதே வழியில், வங்கி மூலமாகவே அது திரும்பவேண்டும். நியாயமாகப் பணத்தை இழந்தவர்கள் தொலைபேசியில் கெஞ்சினாலும் சம்மதம் கிடைக்காமல் போவதற்கு இந்த அச்சமும் ஒரு காரணம். அவர்கள் தாமே அழைப்பதைவிட, வங்கி அலுவலரை அழைக்கச் செய்வது பலன் தரும்.

அச்சக உரிமையாளருக்கு இன்னொரு சுமையும் இருக்கிறது. பணம் வேறிடம் சென்றுவிட்டதால் காகித வியாபாரிக்குத் தரவேண்டிய கடன் தீர்ந்துவிடவில்லை. திரும்பி வரும்வரை காத்திருக்கச் சொல்ல அவருக்கு உரிமை இல்லை. வியாபாரி மனமுவந்து காத்திருந்தால்தான் உண்டு. ஆகவே அவர் மீண்டும் 86,400 ரூபாயைத் திரட்டவேண்டியிருக்கும். இந்த முறை முதலில் ஒரு ரூபாய் மட்டும் அனுப்பி, அது சேர்ந்ததை வியாபாரியிடம் கேட்டறிந்தபின் மீதியை அனுப்பலாம். செயலியின் பெறுநர் பட்டியலிலிருந்து 6347 என முடியும் எண்ணையும் நீக்கிவிடவேண்டும். அது அங்கேயே இருந்தால், அடுத்த மாதம் அதே பெயரைத் தொட்டு அதே கணக்குக்கு மறுபடியும் பணம் அனுப்பிவிடக் கூடும்.